மஞ்சள் பூ, நான்கு இதழ், எட்டு மகரந்தத்தாள்: கடுகுக் குடும்பமா? சூற்பை மேலேயா கீழேயா என்று பிடிபடவில்லை

மலர்விழி (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இருக்கும் செடிகளைப் படம் எடுத்துக் குடும்பவாரியாகப் பட்டியல் போட்டு வருகிறேன். பெயர் பிறகு கிடைக்கட்டும், முதலில் குடும்பம் தெரிந்தால் போதும் என்பதுதான் திட்டம். ஒரு செடியில் மட்டும் நகர முடியவில்லை.

இடுப்பளவு உயரம். ஈர மண்ணில் நிற்கிறது, சில செடிகளின் அடி தண்ணீரிலேயே இருக்கிறது. தண்டு கொஞ்சம் சிவப்பாக, மெல்லிய ரோமத்துடன். இலை நீளமாக, ஒன்றுவிட்டு ஒன்றாக. பூ நல்ல மஞ்சள். நான்கு இதழ், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும், நுனியில் லேசான பள்ளம். படத்தைப் பெரிதாக்கி மகரந்தத்தாளை எண்ணினேன், எட்டு வருகிறது. நடுவில் பச்சை மஞ்சளாக ஒரு குமிழ் நிற்கிறது.

இதழ்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவு, எனவே ஆரச்சமச்சீர். நடுக் குமிழ் இதழ்களுக்கு மேலே தெரிவதால் மேல்மட்டச் சூற்பை என்று எழுதி வைத்திருக்கிறேன். நான்கு இதழ், ஆரச்சமச்சீர், மேல்மட்டச் சூற்பை என்றால் கடுகுக் குடும்பம்தானே வரவேண்டும்? ஆனால் பார்த்தால் கடுகு மாதிரியே இல்லை. இன்னொரு குழப்பம்: ஒரு பூவில் மூன்று இதழ்தான் இருந்தது.

நேர் மேலிருந்து எடுத்த நெருக்கப் படம் இணைத்திருக்கிறேன். எங்கே பிசகுகிறது?

கதிர்

அக்கா, மஞ்சள் நிறம், சிலுவை மாதிரி நான்கு இதழ். இது கடுகுக் குடும்பம், பிராசிகேசிதான். முள்ளங்கியைப் பறிக்காமல் விட்டால் பூக்குமே, அதுவும் இதே அமைப்பு. கரையோரம் என்றால் நாய்க்கடுகாகக்கூட இருக்கலாம், அதற்கும் மஞ்சளாக நான்கு இதழ்தான்.

சாந்தி டீச்சர்

கதிர் தம்பி, முள்ளங்கிப் பூவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் குடும்பத்தில் மகரந்தத்தாள் ஆறு: நான்கு நீளம், இரண்டு குட்டை. இங்கே எட்டு. மலர் எண்ணியதை நான் நம்புகிறேன், படத்தில் எனக்கும் எட்டுதான் தெரிகிறது.

நாய்க்கடுகை இன்னும் சுலபமாக விலக்கலாம். அதன் நான்கு இதழும் ஒரே பக்கமாக மேல் நோக்கி வாரிவிட்டது போல நிற்கும், மகரந்தத்தாள்கள் மறுபக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் பூவை ஒரே ஒரு கோட்டில்தான் இரண்டு சமபாதியாகப் பிரிக்க முடியும், அதாவது இருபக்கச் சமச்சீர். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் இது சில சமயம் தெரியாமல் போகும், பக்கவாட்டில் பார்த்தால் உடனே தெரியும். இலையும் மூன்று அல்லது ஐந்து சிற்றிலையாகப் பிரிந்திருக்கும். மலர் சொல்வது ஒற்றை இலை.

மலர், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் படத்தில் நடுவில் நிற்கும் குமிழ் சூற்பை இல்லை, அது சூலக முடி. மகரந்தம் வந்து ஒட்டும் இடம். மேலிருந்து பார்க்கும்போது எந்தப் பூவிலும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்கத்தான் செய்யும். அதை வைத்து மேல்மட்டம் என்று முடிவு கட்டக் கூடாது. சூற்பை எங்கே என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான்: இதழும் புல்லியும் பிறக்கும் இடம் சூற்பைக்கு அடியிலா, அதன் தலையிலா? இதற்கு விடை மேலிருந்து எடுத்த படத்தில் இருக்கவே இருக்காது. பூவைக் காம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஒரு படம் போடுங்கள்.

மூன்று இதழ் பூவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதில் புல்லி இதழை எண்ணிப் பாருங்கள்.

மலர்விழி (மன்னார்குடி)

பார்த்துவிட்டேன் டீச்சர். அந்தப் பூவிலும் புல்லி நான்கு. தரையில் ஒற்றை ஒற்றையாக இதழ்கள் கிடந்தன. காலை 11 மணிக்கெல்லாம் தொட்டாலே உதிர்கிறது. மறுநாள் காலையில் சீக்கிரம் போய்ப் பார்த்தபோது எல்லாப் பூவிலும் நான்கு இருந்தது.

பக்கவாட்டுப் படம் இணைத்திருக்கிறேன். இதில் காம்பு நீளமாக, கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. அதன் உச்சியில் நான்கு பச்சைப் புல்லி, அதற்குள் மஞ்சள் இதழ். சூற்பை என்று தனியாக எதுவும் தெரியவில்லை.

இளங்கோ

நான்கு இதழ், நான்கு புல்லி, எட்டு மகரந்தத்தாள் என்றால் மருதாணி. நிறத்தைச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். மருதாணிப் பூவை எண்ணிப் பாருங்கள், அச்சாக இதே எண்கள்தான் வரும். எனவே லைத்ரேசி என்று போட்டுவிடலாம்.

ராஜேஸ்வரி

எனக்கும் இதே பிரச்சினை. பூசணிப் பூ மஞ்சள், ஐந்து மடல். டீச்சர் சொன்னபடி பக்கவாட்டில் பார்த்தேன், மேலேயும் சூற்பை இல்லை, கீழேயும் இல்லை, வெறும் காம்புதான். சில பூவில் மட்டும் அடியில் குட்டிக் காய் இருக்கிறது. என் செடியில் பூ உதிர்ந்துகொண்டே இருக்கிறது, காய் பிடிக்க என்ன போடலாம்?

சாந்தி டீச்சர்

ராஜேஸ்வரி, உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ. அதில் சூற்பையே கிடையாது, உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காயுடன் நிற்பது பெண் பூ, அந்தக் குட்டிக் காய்தான் சூற்பை. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிப் பாருங்கள். உரம் பற்றித் தனி இழையில் கேளுங்கள், இங்கே கலந்துவிடும்.

ஆனால் நீங்கள் சொன்ன குட்டிக் காய் மலருக்கு உதவும். மலர், பூசணிப் பெண் பூவில் சூற்பை உருண்டையாகத் தனியே தெரிவதால் யாரும் ஏமாறுவதில்லை. அதையே குச்சி போல நீளமாக, காம்பின் நிறத்தில் நினைத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் காம்பு என்று நீங்கள் சொல்வது பெரும்பகுதி காம்பே இல்லை என்பது என் எண்ணம். சமையலறையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கிராம்பின் தலையில் இருக்கும் நான்கு பற்கள் புல்லி இதழ்கள், நடுவில் உருண்டை விரியாத அல்லி. அதற்குக் கீழே தண்டு போல நீண்டிருக்கிறதே, அதன் மேல்பகுதிக்குள்தான் சூற்பை புதைந்திருக்கிறது. உங்கள் பூவும் ஏறக்குறைய அந்தக் கட்டமைப்புதான்.

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம், வெட்டிப் பாருங்கள். புது பிளேடாக இருக்கட்டும். பழைய பிளேடு நசுக்கிவிடும், உள்ளே இருப்பது கூழாகித் தெரியாது. ஒரு பூவை இலைக்கக்கத்திலிருந்து முழுசாக எடுத்து, சூலக முடியிலிருந்து அடி வரை நேர்நடுவே நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். இன்னொரு பூவில் அந்தத் தடித்த 'காம்பை' மட்டும் பாதியில் குறுக்காக வெட்டுங்கள். வெட்டின முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெளிவாக இருக்கும்.

படம் எடுக்கும்போது நிழலில் வைத்து, அடியில் கறுப்புத் துணியோ காகிதமோ போடுங்கள். நேர் வெயிலில் மஞ்சள் இதழ் வெளுத்துப்போய் விவரம் எல்லாம் அழிந்துவிடும். போனை வெட்டு முகத்துக்கு இணையாகப் பிடியுங்கள். இவ்வளவு கிட்டத்தில் கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு, கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு முனைதான் தெளிவாக விழும்.

இளங்கோ, உங்கள் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. மருதாணியில் எண்கள் அப்படியே பொருந்தும் என்பது உண்மை. லைத்ரேசியும் நான் நினைக்கும் குடும்பமும் மிர்டேல்ஸ் என்ற ஒரே வரிசையில் இருப்பவை, அதனால் பொருத்தம் வியப்பில்லை. ஆனால் அங்கேயே முடிக்க முடியாது. மருதாணிப் பூவைத் திறந்து பார்த்தால் புல்லிக்கு மேலே நடுவில் பச்சை உருண்டையாகச் சூற்பை உட்கார்ந்திருக்கும். காய்த்த பிறகும் புல்லி காயின் அடியில்தான் ஒட்டியிருக்கும். எண்ணிக்கை இரண்டு குடும்பத்தையும் பிரிக்காது, சூற்பையின் இடம் பிரிக்கும்.

இளங்கோ

ஒரு சந்தேகம் சார்ந்த மறுப்பு. பூமருதுப் பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் அடியில் கிண்ணம் மாதிரி தடிப்பாக இருக்கும், புல்லி அதன் விளிம்பில்தான் இருக்கும். அதுவும் லைத்ரேசிதான். அப்படியானால் அதைக் கீழ்மட்டம் என்பீர்களா? இல்லையென்றால் மலர் அவர்களின் பூ மட்டும் எப்படிக் கீழ்மட்டம்?

சாந்தி டீச்சர்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பக்கவாட்டுப் படத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றுவது இந்தக் கிண்ணம்தான். பூமருதில் கிண்ணம் தனி, சூற்பை தனி. கிண்ணத்துக்குள் சூற்பை சும்மா உட்கார்ந்திருக்கிறது, சுவரோடு ஒட்டவில்லை. நெடுக்காகப் பிளந்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும், மேலிருந்து ஒரு ஊசியை அந்த இடைவெளியில் இறக்கலாம். அதனால் அது மேல்மட்டச் சூற்பைதான். உண்மையான கீழ்மட்டத்தில் ஊசி இறங்க வழியே இருக்காது, வெளிச்சுவரும் சூற்பைச் சுவரும் ஒன்றாகிவிட்டிருக்கும். மலர் வெட்டும்போது இதையும் பார்க்கட்டும்.

மலர்விழி (மன்னார்குடி)

வெட்டிப் பார்த்தேன். இரண்டு படமும் இணைத்திருக்கிறேன், முதலாவது கொஞ்சம் மங்கல்.

நெடுக்கு வெட்டில்: மேலே குமிழ், அது குட்டையான தடித்த தண்டில் நிற்கிறது. அந்தத் தண்டு தட்டையான ஒரு மேடையில் முடிகிறது. மேடையின் ஓரத்தில்தான் இதழும் புல்லியும் கிளம்புகின்றன. மேடையில் அங்கங்கே வெள்ளை ரோமம். மேடைக்குக் கீழே, நான் காம்பு என்று சொன்ன பகுதி முழுக்க, வெளிர்நிறத்தில் பொடிப்பொடியாக வரிசை வரிசையாக ஏதோ இருக்கிறது. ஊசியை விட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை.

குறுக்கு வெட்டில்: நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் அதே பொடிகள். வெளியே மேடு பள்ளமாகக் கோடுகள் ஓடுகின்றன. உண்மையான காம்பு அதற்கும் கீழே, கக்கத்தை ஒட்டிக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை வெட்டினால் அறை எதுவும் இல்லை.

சாந்தி டீச்சர்

அந்தப் பொடிகள் சூல்கள். பின்னால் விதையாகப் போகிறவை. காம்புக்குள் சூல் இருக்காது. எனவே விஷயம் முடிந்தது: கீழ்மட்டச் சூற்பை, நான்கு அறை. வெள்ளை ரோமம் இருக்கும் இடம் தேன் சுரக்கும் பள்ளம்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இதழ் நான்கு. தரையில் ஒற்றை ஒற்றையாகக் கிடந்ததாகச் சொன்னீர்களே, அப்போதே ஒரு குடும்பத்தை விலக்கிவிட்டீர்கள். இட்லிப்பூவுக்கும் நான்கு மடல், கீழ்மட்டச் சூற்பை. ஆனால் அதன் மடல்கள் ஒட்டிக் குழலாக இருப்பதால் உதிரும்போது முழுப் பூவாக விழும், மகரந்தத்தாளும் நான்குதான். அதனால் ரூபியேசி இல்லை. கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் சேர்ந்த மிர்டேசியில் தனித்தனி இதழ், கீழ்மட்டச் சூற்பை இரண்டும் உண்டு, ஆனால் மகரந்தத்தாள் எண்ண முடியாத அளவு இருக்கும். தனி இதழ் நான்கு, தாள் எட்டு, நான்கு அறைக் கீழ்மட்டச் சூற்பை என்றால் ஓனகிரேசி. பேரினம் லட்விஜியா. நம் பக்கத்தில் நீர்க்கிராம்பு என்பார்கள்.

பிளேடு இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. அதே செடியில் கீழே போய்ப் பழைய காயைப் பாருங்கள். புல்லி காயின் நுனியில் கிரீடமாக நின்றால் கீழ்மட்டம், காம்புப் பக்கம் ஒட்டியிருந்தால் மேல்மட்டம். கொய்யாவின் நுனியையும் கத்தரிக்காயின் காம்புப் பக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடுகில் புல்லி உதிர்ந்துவிடும், ஆனால் அது இருந்த தழும்பு காயின் அடியில் தெரியும். எனக்குக் களத்தில் பூவைவிடக் காய்தான் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. புல்லியும் உதிர்ந்து தழும்பும் தெரியாத காய்களில் மட்டும் இது உதவாது.

கதிர்

டீச்சர், இதழ் எண்ணிக்கையை வைத்துத் தேடுவதே வீண் என்கிறீர்களா? நான் எப்போதும் அதில்தான் ஆரம்பிப்பேன்.

சாந்தி டீச்சர்

வீண் இல்லை தம்பி, ஆரம்பிக்கலாம், அதிலேயே நிற்கக் கூடாது. மலர் இருக்கும் அதே வாய்க்காலில் தண்ணீர் மேல் படர்ந்து வெள்ளைப் பூ பூக்கும் கொடி ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு போன்ற மிதவைகள் இருக்கும். அதன் பூவில் இதழ் ஐந்து, அடியில் மஞ்சள், மகரந்தத்தாள் பத்து. அதுவும் லட்விஜியாதான், அட்சென்டென்ஸ் என்ற இனம். ஒரே பேரினத்துக்குள் நான்கும் ஐந்தும். ஆனால் அங்கேயும் மகரந்தத்தாள் இதழைப் போல இரண்டு மடங்கு, அங்கேயும் சூற்பை கீழே.

வேலு (வால்பாறை)

எங்கள் பக்கம் சதுப்பு நிலங்களில் இந்தச் செடி ஆளுயரத்துக்கு மேல் புதராக மண்டிக் கிடக்கிறது. பூ இன்னும் பெரியது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆக்கிரமிப்புச் செடி என்கிறார்கள். யானைகள் மேயும் புல்லை இது மூடிவிடுகிறது. மலர் அவர்களே, உங்கள் செடியும் அதுதான், கண்ட இடத்தில் பிடுங்கிவிடுங்கள்.

மலர்விழி (மன்னார்குடி)

பிடுங்கத்தான் வேண்டுமா? இங்கே அப்படி மண்டவில்லை. கரை நெடுக அங்கொன்று இங்கொன்றாகத்தான் நிற்கிறது. தேனீக்கள் நிறைய வருகின்றன.

சாந்தி டீச்சர்

பொறுங்கள். வேலு சொல்வது லட்விஜியா பெருவியானா, தென் அமெரிக்கச் செடி, அங்கே அவர்களுக்கு அது பெரிய தலைவலி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மன்னார்குடிச் செடி அதுவாக எனக்குத் தோன்றவில்லை. பெருவியானாவில் இதழ் இதைவிடப் பெரியது, புல்லி சின்ன இலை மாதிரி அகலம். காய் குட்டையாக, நான்கு பட்டையுடன், மேலே போகப்போக விரியும். மலர் போட்ட பக்கவாட்டுப் படத்தில் சூற்பை ஒல்லியாக, நீளமாக, ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கிறது. இது ஆக்டோவால்விஸ் பக்கம் போகிறது. பெரென்னிஸ் என்ற இனமும் வயலில் உண்டு, ஆனால் அதன் இதழ் சில மில்லிமீட்டர்தான், மகரந்தத்தாளும் பெரும்பாலும் நான்கு. அது இல்லை.

குடும்பத்தை நான் உறுதியாகச் சொல்வேன். இனத்தை முற்றிய காய் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அதுவரை எதையும் பிடுங்க வேண்டாம்.

வேலு (வால்பாறை)

காய் படம் வரட்டும் டீச்சர். எங்கள் செடியின் காயையும் எடுத்துப் போடுகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்போது மழை, சதுப்புக்குள் இறங்க முடியாது.

இளங்கோ

கடைசியாக ஒன்று. பருப்புக்கீரைப் பூவை வெட்டினேன். மஞ்சள், ஐந்து இதழ், ஒன்றிரண்டில் நான்கு. சூற்பையின் கீழ்ப்பாதி ஒட்டியிருக்கிறது, மேல்பாதி வெளியே நிற்கிறது. ஊசி பாதி வரை இறங்குகிறது. இதை எதில் எழுதுவது?

சாந்தி டீச்சர்

பார்த்தபடியே எழுதுங்கள்: பாதி கீழ்மட்டம். பருப்புக்கீரை அப்படித்தான். மேலா கீழா என்று இரண்டே பெட்டி வைத்திருக்கும் பட்டியலில் இது எந்தப் பக்கமும் போகலாம், அதனால் இரண்டு வழியிலும் போய்ப் பார்க்க வேண்டும். அதில் உங்களுக்குக் கை கொடுப்பது புல்லி, இரண்டே இரண்டு இருக்கும்.

மலர்விழி (மன்னார்குடி)

பட்டியலில் ஓனகிரேசி, லட்விஜியா என்று எழுதி, இனத்துக்கு நேராகக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இன்று கரையில் பார்த்ததில் ஒரு செடியில் நான்கு காய் இருந்தது, எல்லாம் பச்சை. ஒன்றை அளந்தேன், 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், விரலால் உருட்டினால் எட்டுக் கோடு தட்டுப்படுகிறது. நுனியில் நான்கு புல்லி அப்படியே இருக்கிறது. டீச்சர் சொன்ன வெள்ளைப் பூக் கொடி வாய்க்காலில் இல்லை, குளத்தில் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

சாந்தி டீச்சர்

எட்டுக் கோடு, 3 சென்டிமீட்டர் என்றால் ஆக்டோவால்விஸ் என்ற எண்ணம் இன்னும் கொஞ்சம் வலுக்கிறது. காய் பழுப்பாகும்போது ஒன்றைப் பிளந்து, விதைகள் ஒவ்வொரு அறையிலும் பல வரிசையாக உதிரியாக இருக்கின்றனவா, இல்லை ஒற்றை வரிசையாகச் சுவரில் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.